இருபது கிலோ இரும்பும் ஒரு ட்ரங்குப் பெட்டியும்

திருப்பதியில் பிள்ளை வளர்க்கும் அப்பா, அம்மாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாக்களே, அம்மாக்களே,

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கிற உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். “சார், வீட்டுக்கு டம்பெல் வாங்கலாம்னு இருக்கேன், எத்தனை கிலோ வாங்கறது?” நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிடும், பிள்ளை ஓடிவரும், ஸ்கூட்டர் கிளம்பிவிடும். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 அங்குல ராடு இரண்டு. 1.25 கிலோ பிளேட் நான்கு, 2.5 கிலோ பிளேட் இரண்டு, 5 கிலோ பிளேட் இரண்டு. பிளேட்டுகள் மட்டும் கூட்டினால் இருபது கிலோ. ஆறடிக்கு நாலடி ரப்பர் பாய் ஒன்று. பூட்டுப் போடக்கூடிய தகர ட்ரங்குப் பெட்டி ஒன்று. பெஞ்ச் வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம், கண்ணாடி வேண்டாம். ஏன் இந்தக் கணக்கு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இந்த மடல்.

அதற்கு முன் இந்த ஊருக்கே உரிய ஒரு எதிர்வாதம் இருக்கிறது. “மாசம் ஒரு தடவை அலிபிரியிலிருந்து நடந்துதானே சார் மலை ஏறுறோம், அதுக்கு மேல என்ன?” 3,550 படி என்பது லேசான காரியம் இல்லை. நெஞ்சுக்கும் தொடைக்கும் அதைவிட நல்ல வேலை கிடைக்காது. ஆனால் அந்தப் படிகளில் உங்கள் கை எதையும் இழுக்கவில்லை, தள்ளவில்லை, முதுகு குனிந்து எதையும் தூக்கவில்லை. வீட்டில் நீங்கள் தூக்குவதை எண்ணிப் பாருங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன், கேனின் எடையோடு இருபது கிலோவுக்கு மேல். நிரம்பிய கேஸ் சிலிண்டர் முப்பது கிலோவை ஒட்டி. அரிசி மூட்டை இருபத்தைந்து. தூங்கிப்போன மூன்று வயதுப் பிள்ளையைப் பாயிலிருந்து அள்ளித் தோளில் போடுவது பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ, அதுவும் நடுமுதுகு வளைந்த நிலையில். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று என்னிடம் வருகிறவர்களில் மலை ஏறிப் பிடித்துக்கொண்டவர்களைவிட தண்ணீர் கேன் தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சி ஒன்று. உடம்பின் பெரிய தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி இன்னொன்று. மாதம் ஒரு தடவை ஏறுகிற மலை முதல் பாதியில் கொஞ்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பாதிக்குத்தான் வீட்டில் ஒரு பயிற்சி மூலை.

இனி கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது. உங்கள் கைக்கு எத்தனை கிலோ என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டில்கள் சொல்லும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காதுகள் உறுதியான காய்கறிப் பை ஒன்றில் ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தை நிரப்பிப் போடுங்கள். இடது கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, வலது கையால் பையை இடுப்புப் பக்கம் இழுங்கள். பத்து முறை இழுத்தபின் “இன்னும் இரண்டு மூன்று முடியும், அதற்கு மேல் முடியாது” என்று தோன்றினால் அதுதான் உங்கள் எடை. இருபது முறை இழுத்தும் பேசிக்கொண்டே இருக்க முடிகிறது என்றால் பாட்டிலைக் கூட்டுங்கள். ஆறாவது முறையிலேயே உடம்பு திருகி, தோள் காதுவரை ஏறுகிறது என்றால் குறையுங்கள். அடுத்து அதே பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்காரப் போவதுபோல் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். கைக்குச் சரியாக இருந்த எடை காலுக்குப் பஞ்சாக இருக்கும். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இழுக்கிற எடை ஒன்று, உட்கார்ந்து எழுகிற எடை ஒன்று.

இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது என்பதுதான் விஷயம். அதனால்தான் “அஞ்சு கிலோ ஜோடி ஒண்ணு கொடுங்க” என்று வாங்கிப் போகிறவர்களின் டம்பெல் சில மாதத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விடுகிறது. தோளுக்கு மேல் தூக்க அது கனம், காலுக்கு அது ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு வேலைக்கு மட்டும் பொருந்துகிறது. அதில் கொஞ்சம் பலம் வந்ததும் அந்த ஒரு வேலைக்கும் போதாமல் போய்விடுகிறது.

பிளேட் மாற்றுகிற ராடு இங்கேதான் கைகொடுக்கும். நட்டோடு சேர்த்து ஒரு ராடு ஒன்றரை கிலோ என்று வைத்துக்கொள்வோம் (கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், ராடுக்கு ராடு மாறும்). இருபுறமும் 1.25 போட்டால் 4 கிலோ. 2.5 போட்டால் 6.5. இரண்டையும் போட்டால் 9. ஐந்தை மட்டும் போட்டால் 11.5, ஐந்தும் 1.25-ம் என்றால் 14, ஐந்தும் 2.5-ம் என்றால் 16.5, மூன்றையும் ஏற்றினால் 19. நாலில் தொடங்கிப் பத்தொன்பது வரை, இரண்டரை இரண்டரையாக ஏழு படி. இதையே வார்த்த டம்பெல்களாக, ஏழு ஜோடியாக வாங்குவதென்றால் 161 கிலோ இரும்பு வீட்டுக்குள் வரவேண்டும். இரும்புக்கு விலை கிலோ கணக்கில்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு குறை சொல்வார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் நட்டைக் கழற்றி பிளேட்டை மாற்றிக்கொண்டிருந்தால், கிடைக்கிற இருபது நிமிடத்தில் பாதி அதிலேயே போய்விடும் என்பார்கள். உண்மைதான். அதற்கு நான் சொல்லும் வழி எளிது: இரண்டு ராடையும் சமமாக ஏற்றாதீர்கள். ஜோடியாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றில் 14 கிலோ, அது காலுக்கும் இடுப்புக்கும். இன்னொன்றில் 9 கிலோ, அது கைக்கும் நெஞ்சுக்கும் முதுகுக்கும். எல்லாப் பயிற்சியையும் ஒரே டம்பெல்லை வைத்துச் செய்கிற மாதிரி அமைத்துக்கொண்டால் நடுவில் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை. 14-க்கும் 9-க்கும் வேண்டிய பிளேட்டுகளை எண்ணிப் பாருங்கள்: 1.25 நான்கு, 2.5 இரண்டு, 5 இரண்டு. மேலே சொன்ன அதே இருபது கிலோ. பெட்டியில் போட்டு விற்கிற “20 கிலோ செட்”டில் பெரும்பாலும் வேறு மாதிரிக் கலவை இருக்கும். ஆகவே செட்டாகக் கேட்காமல் பிளேட் பிளேட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, பிளேட்டின் ஓட்டையும் ராடின் தடிமனும். ஓட்டை பெரிதாக இருந்தால் பிளேட் ஆடும், ஆடுகிற பிளேட் நட்டைக் கழற்றும். இரண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் அடைத்த பிளேட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், ஒரே எடைக்கு இரும்பைவிடத் தடியாக இருக்கும், ஒருநாள் விளிம்பு விரிந்து மண் கொட்டும். தடி அதிகம் என்பதால் ராடில் மூன்று அடுக்கு ஏறாது, பத்தொன்பது கிலோ என்ற கணக்கே பொய்த்துவிடும். மூன்று, எல்லா பிளேட்டையும் ஏற்றியபின் நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது ராடு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழைய இரும்பு பிளேட் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். மூடிப்போன ஜிம்களிலிருந்து வருகிற இரும்புக்குக் காலாவதித் தேதி கிடையாது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு கோட்டு தடவினால் போதும்.

இனி இடம். நம் வீடுகளில் பெரும்பாலும் வாடகை, பெரும்பாலும் முதல் மாடியோ இரண்டாம் மாடியோ, தரை வழுக்குகிற டைல்ஸ். “இவ்வளவு கனத்தைத் தரை தாங்குமா சார்?” என்று பயப்படுகிறவர்களுக்கு: குடியிருப்பு அறைத் தளங்களை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இருபத்து மூன்று கிலோ இரும்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பயப்பட வேண்டியது கனத்துக்கு அல்ல, விழுவதற்கு. டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் சரியாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால், முழங்கால் உயரத்திலிருந்து ஒன்பது கிலோ விழுந்தாலே பிளந்துவிடும். ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வெற்றொலி கேட்கிற இடத்தை விட்டுவிட்டு, திடமாக ஒலிக்கிற இடத்தில் பாயை விரியுங்கள். பாய் கெட்டி ரப்பராக, எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்துப் போடுகிறார்களே, அந்த வண்ண வண்ண நுரைத் துண்டுகள் இதற்கு ஆகாது. காலடியில் அமுங்கும், கையில் கனத்தோடு நிற்கும்போது கணுக்கால் ஆடும்.

தலைக்கு மேலேயும் ஒருமுறை பாருங்கள். ஐந்தரை அடி உயரமுள்ளவர் கையை நேராக மேலே நீட்டினால் ஏழடியை ஒட்டிப் போகும். கையில் டம்பெல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தாழத் தொங்குகிற ஃபேன் இறக்கை எட்டடிக்கு முன்பே சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆறடி ஆட்களுக்கு இடைவெளியே இருக்காது. பாய் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், ஃபேன் காற்று வருகிற பக்கவாட்டில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டும் இந்த ஊரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

பால்கனி வேண்டாம். தண்ணீர் ஓடத் தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். வைத்த டம்பெல் உருளும், கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கீழே தெரு. மொட்டை மாடியும் வேண்டாம் என்றே சொல்வேன், விடிகாலைக் காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும். தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும் என்பதே பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு நல்ல சாக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை இன்னொரு சாக்கு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஆறடிக்கு நாலடி இடம் இருந்தால் அதுதான் சிறந்த மூலை, ஏனென்றால் கட்டிலே நமக்கு ஒரு கருவி.

இனி இந்த மடலிலேயே நான் அதிகம் யோசித்த பகுதிக்கு வருகிறேன். அந்த மூலைக்கு இரண்டு எதிரெதிரான தேவைகள் இருக்கின்றன. உங்களுக்கு டம்பெல் கைக்கு எட்டும் தூரத்தில், ஏற்றிய நிலையில், உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். பரணில் ஏற்றி வைத்தால் அது அங்கேயே இருந்துவிடும். பிள்ளைக்கோ அது எட்டவே கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளை கண்ணில் பட்ட எதையும் இழுத்துப் பார்க்கும், மேலே ஏறிப் பார்க்கும். உருண்டைப் பிளேட் போட்ட டம்பெல்லை அதனால் தூக்க முடியாது, ஆனால் உருட்ட முடியும். விரலும் கால் கட்டை விரலும் நசுங்குவது அப்படித்தான். அதைவிடக் கொடியது, “குழந்தைக்கு எட்டாது” என்று மேசை மேலோ அலமாரித் தட்டிலோ வைப்பது. எட்டாது என்று நினைக்கிற உயரத்திலிருந்துதான் அது தலைமேல் வரும். கட்டில் மேல் “ஒரு நிமிஷம்” வைப்பதும் இதில் சேர்த்தி. மெத்தையில் பிள்ளை குதித்தால் ஒன்பது கிலோ விளிம்புக்கு நகரும்.

ஆகவே எங்கே வைத்தாலும் தரையில்தான். தரையில் வைத்தும் எட்டாமல் இருக்கத்தான் ட்ரங்குப் பெட்டி. பாட்டி வீட்டில் பழைய துணி போட்டு வைத்திருப்பார்களே, அந்தத் தகரப் பெட்டி போதும். அடியில் பழைய துண்டு விரித்து, ஏற்றிய டம்பெல் இரண்டையும் உள்ளே கிடத்தி, பாயின் ஓரத்திலேயே சுவரோடு ஒட்டி வைத்துப் பூட்டுங்கள். இருபது கிலோவுக்கு மேல் உள்ளே இருப்பதால் பிள்ளை இழுத்தாலும் நகராது. சாவி பீரோ சாவிக் கொத்தில் இருக்கட்டும். திறக்கப் பத்து விநாடி, மூடப் பத்து விநாடி. மூடி கனமாக இருக்கும், பிள்ளை விரல் வைத்துவிடும் என்பதால் திறந்தபடி போட்டுவிட்டுச் செல்லிடப்பேசியை எடுக்கப் போகாதீர்கள். பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டிச் சொன்னால் கேட்கிற பருவம் வந்தால் பூட்டைத் தளர்த்தலாம். அதுவரை ஒரே விதி: யார் கையிலாவது இரும்பு இருக்கும்போது வேறு யாருடைய காலும் பாயின் மேல் படக் கூடாது. விதி புரியாத வயதில் பிள்ளை தூங்கும் நேரம், அல்லது கதவுத் தாழ்ப்பாள், அல்லது இன்னொருவர் மடி. வேறு வழி இல்லை. நீங்கள் மல்லாந்து படுத்தால் அது தன்னோடு விளையாடத்தான் என்று நினைத்து உங்கள் வயிற்றில் ஏறாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். நான்கு போதும்.

முதலாவது, உட்கார்ந்து எழுவது. 14 கிலோவை நெஞ்சோடு அணைத்து, கட்டில் விளிம்பில் பின்புறம் தொட்டவுடன் எழ வேண்டும். ஒரு எச்சரிக்கை: யூடியூபில் டம்பெல்லை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேல் தட்டை உள்ளங்கைகளில் தாங்கச் சொல்வார்கள். வார்த்த டம்பெல்லுக்கு அது சரி. பிளேட் ஏற்றிய ராடை அப்படிப் பிடித்தால் மொத்தக் கனமும் நட்டுகளை நம்பித் தொங்கும். நட்டு வழுக்கினால் ஆறேகால் கிலோ நேராகப் பாதத்தில். நீங்கள் படுக்கைவசமாக, இரு முனைகளுக்கும் அடியில் கை கொடுத்து அணைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இழுப்பது; பாட்டில் பையில் செய்து பார்த்த அதே அசைவு, 9 கிலோவில். முழங்கை அக்குள் பக்கம் போகாமல் பேன்ட் பாக்கெட் பக்கம் போகட்டும்.

மூன்றாவது, இடுப்பு மடக்கு. சுவருக்கு ஒரு சாண் முன்னால் சுவருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். 14 கிலோவை இரு கையாலும் தொடையை ஒட்டிப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சமே மடக்கி, பின்புறத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். எடை தொடையைத் தேய்த்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கும், முதுகு பலகை மாதிரி நேராக இருக்கும். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரி. நடுமுதுகில் இழுத்தால் வளைந்துவிட்டீர்கள், நிறுத்திவிட்டுக் குறைவாக இறங்குங்கள். தண்ணீர் கேனையும் பிள்ளையையும் தூக்க வேண்டியது இந்த அசைவில்தான். நான்கில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

நான்காவது, தரையில் மல்லாந்து படுத்து ஒரு கையால் 9 கிலோவை மேலே தள்ளுவது. முழங்கால்கள் மடங்கி இருக்கட்டும், முழங்கை விலாவிலிருந்து அரைவாசி விலகி இருக்கட்டும். முழங்கை தரையைத் தொட்டதும் அசைவு தானாக நின்றுவிடுவதால் தோள்மூட்டு அளவுக்கு மீறி விரியாது. பெஞ்ச் வேண்டாம் என்றேனே, இதனால்தான்.

ஒன்றும் இரண்டும் மாறி மாறி மூன்று சுற்று, பிறகு மூன்றும் நான்கும் மாறி மாறி மூன்று சுற்று. காலுக்கு வேலை கொடுக்கும்போது கை ஓய்கிறது என்பதால் நடுவில் நிற்க வேண்டிய நேரம் குறைவு. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று, எட்டு எட்டு முறை. பிறகு மூன்று சுற்று. மூன்று சுற்றிலும் பன்னிரண்டு முறை வந்துவிட்டால் இரண்டரை கிலோ கூட்டி மறுபடி எட்டில் தொடங்குங்கள்; அப்போது மட்டும் நடுவில் பிளேட் மாற்ற வேண்டிவரும். 14-லிருந்து 16.5-க்குப் போவது ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல், உடம்பு ஏற்றுக்கொள்ளும். ஆனால் 4-லிருந்து 6.5-க்குப் போவது பாதிக்கு மேல் கூடுதல். ஆகவே சின்ன எடைகளில் அவசரப்படாமல், இருபது முறை வரும்வரை காத்திருங்கள். இலேசான எடையில் அதிக முறை செய்தாலும், கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே சிரமமாக இருந்தால் தசைக்குப் பலன் கிடைக்கத்தான் செய்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அப்பாவுக்கு மலைமேல் ஷிப்ட் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அம்மா நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. பிள்ளைக்கு மூன்று வயது. பாட்டில் சோதனையில் அப்பாவுக்கு இழுக்க 9, உட்கார்ந்து எழ 14. அம்மாவுக்கு 6.5-ம் 9-ம். இருவருக்கும் ஒரே பெட்டிதான். அம்மா தன் முறையில் 9 கிலோவை நெஞ்சில் அணைத்து உட்கார்ந்து எழுகிறார், அதே 9-இல் இடுப்பு மடக்கையும் முடித்துவிடுகிறார். பிறகு அந்த ராடிலிருந்து 1.25 ஜோடியை மட்டும் கழற்றினால் 6.5, அதில் இழுப்பும் தள்ளலும். மொத்தம் ஒரே ஒரு முறை நட்டு திறக்கிறார். அவர் காலுக்கு உரியதை முதலில் முடித்துக்கொள்வது அதற்காகத்தான். கிழமை வைத்துக்கொண்டால் ஷிப்ட் வேலைக்காரருக்குத் தங்காது. “கடைசியாகச் செய்து இரண்டு நாள் ஆகிவிட்டதா?” என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டித் தேதி, எடை, எத்தனை முறை என்று எழுதிக்கொள்ளலாம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவுடன் வேண்டாம். தூங்கி எழுந்து செய்வதே நல்லது. மலை நடந்து இறங்கிய மறுநாளும் வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பிடிக்கும், அந்த வலியோடு எடையை வைத்து உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் தடுமாறும்.

அம்மாக்களில் பலர் தயங்குகிறீர்கள் என்று தெரியும். “பொம்பளைங்க கனம் தூக்கலாமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், அவர்களே உங்களைத் தண்ணீர் கேனைத் தூக்கச் சொல்வார்கள். ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கமே எடை தூக்குதலில்தான். 2000-இல் சிட்னியில், நம் ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி 110-ம் 130-ம் ஆக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். தயங்க வேண்டிய இடங்கள் வேறே. பிரசவம் ஆகி, குறிப்பாகச் சிசேரியன் ஆகி, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் தூக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, வயிற்று நடுக்கோட்டில் மேடு தட்டினாலோ, எடையைக் குறைத்துவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அது சகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை, சரிசெய்யக்கூடியது.

அப்பாக்களுக்கும் சேர்த்து: ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மற்றவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை விட வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றோடு அன்று பெட்டியைத் திறக்காதீர்கள். செய்து முடித்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்துகிற வலியோ, கைகால் மரத்துப்போவதோ இயல்பு இல்லை.

கடைசியாக நட்டு. வீட்டில் நடக்கும் விபத்துகளில் இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் நான்காவது பயிற்சியில் டம்பெல் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கை திருகத் திருக ஒரு பக்கத்து நட்டு மெல்லத் தளரும். பிளேட்டுகள் ‘சலங் சலங்’ என்று பேச ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி, உடனே கீழே வைத்து இறுக்குங்கள். அது காதில் விழாமலும் போகலாம் என்பதால், நன்றாக இறுக்கியபின் நட்டின் மேலும் ராடின் மேலும் சேர்த்து நகப் பாலிஷால் ஒரு நேர்க்கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. பிளேட் மாற்றும்போது கோடு மாறும், அழித்துவிட்டுப் புதிதாகப் போட அரை நிமிடம். நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் புது நட்டு வாங்கிவிடுங்கள்.

உங்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. கடைக்குப் போவதற்கு முன் பள்ளி வாசலில் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். உங்களில் சிலர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ராடும் பிளேட்டும் தூசி படிந்து கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். வேண்டாதவர்கள் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது பழைய இரும்பு விலைக்குத் தாருங்கள். வாங்கிக்கொள்கிறவர்கள் அன்றைக்கே ட்ரங்குப் பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கிவிடுங்கள். பூட்டு வரும்வரை இரும்பு வீட்டுக்குள் வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பி.டி. சார்
திருப்பதி